வெளிச்சம் கேட்டு ஒரு விண்ணப்பம்

2020ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஒரே பொருள் குறித்து நம் பள்ளித் தலைமையாசிரியை அவர்களுக்கு நாம் இருமுறை விண்ணப்பம் எழுத நேர்ந்தது. முதல் விண்ணப்பம் நான்கு வரி. அது திரும்பி வந்தது. இரண்டாவது ஒன்றரைப் பக்கம்; அது நிறைவேறியது. முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுதக் கற்பித்துவரும் தமிழாசிரியர் நாம். அனுப்புநர், பெறுநர், பொருள், உறைமேல் முகவரி என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் பிரித்துப் போடுகிறவர். அப்படிப்பட்ட நாமே, நமக்கென்று ஒன்றைக் கேட்க வேண்டி வந்தபோது கேட்கத் தெரியாமல் நின்றோம். எப்படிக் கேட்பது என்று நமக்குக் காட்டியவள் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி.

அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் நோய்த்தொற்றுக் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம்முடையது தஞ்சை மாவட்டத்தில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் உள்ள அரசு உதவி பெறும் பள்ளி. ஜூன் இறுதியில் இணையவழி வகுப்புத் தொடங்கினோம். காலை நேரம் ஒத்துவரவில்லை. வீட்டுக்கு ஒரு கைபேசிதான். அதைத் தகப்பனார் வேலைக்கு எடுத்துச் சென்றுவிடுவார். அவர் திரும்பிய பிறகுதான் பிள்ளையின் கைக்கு அது வரும். ஆகவே மாலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை என்று வகுப்பு அமைந்தது. இந்த நேரக் கணக்குப் பின்னால் நம் விண்ணப்பத்துக்கு முதற் காரணமாக வந்து நின்றது. அப்போது அதை நாம் பொருட்படுத்தவில்லை.

நம்மிடம் இருந்த கருவி, மகள் மேனிலைப் பள்ளியில் படித்தபோது அரசு விலையின்றி வழங்கிய மடிக்கணினி. அதன் திரைக்கு மேலே மிளகளவில் ஒரு காமிரா உண்டு. கூடத்தின் நடுவே மேசையைப் போட்டு, கூரையடியில் எரியும் குழல்விளக்கை நம்பி அமர்ந்தோம். தலைக்கு மேலே மின்விசிறி. எதிரே திரையில் நாற்பது சிறு கட்டங்கள். அவற்றுள் பெரும்பாலானவை கறுப்பு.

இப்படி இரண்டு வாரம் கழிந்த பின் முதல் விண்ணப்பத்தை எழுதினோம். ஏன் எழுதினோம் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் நடத்திய பாடத்தை யாரோ கைபேசியில் அனுப்பியிருந்தார்கள். அவர் முகம் பால்போல் விளங்கிற்று. குரல் வானொலிக் குரல்போல் இருந்தது. நம் திரையிலோ, களைத்துப்போன கிழவர் ஒருவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. வெட்கமாயிற்று. உடனே தாளெடுத்து, 'இணையவழி வகுப்பைச் செவ்வனே நடத்த ஏதுவாக வெப்கேமரா, ஹெட்செட், லைட் ஆகியவற்றை வாங்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்' என்று எழுதிக் கொடுத்தோம்.

மறுநாள் அலுவலகத்தில் தலைமையாசிரியை அந்தத் தாளை நம் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"சார், நிர்வாகத்துல சம்பளம் வாங்குற டீச்சருங்க ஆறு பேருக்குப் பாதிச் சம்பளம்தான் கொடுத்திருக்கேன். அவங்களும் கைபேசியில பாடம் நடத்திட்டுத்தான் இருக்காங்க. இதை எந்தக் கணக்குல நான் வாங்குறது?"

நமக்கு அரசுச் சம்பளம் குறையாமல் வந்துகொண்டிருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை; சொல்லாமலேயே நமக்குப் புரிந்தது. "சரிங்க சிஸ்டர்" என்று தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். அவர்மேல் நமக்கு வருத்தமில்லை. அந்த நான்கு வரியில் மூன்று பொருள்களின் பெயர் இருந்தது. அவை இல்லாமல் யாருக்கு என்ன கெட்டுப்போகிறது என்பது இல்லை. 'செவ்வனே' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு யார்தான் பணம் ஒதுக்குவார்கள்?

அந்த வார இறுதியில் ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. பாப்பாவுக்கு உங்க வகுப்பு ஒண்ணுமே புரியலைங்குது. உங்க மொகம் இருட்டாத் தெரியுதாம். வாயைப் பார்த்தாத்தான் சார் அதுக்குப் பேச்சு."

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண்ணை ஒன்பதாம் வகுப்பிலும் நாமே கற்பித்திருக்கிறோம். இரு காதுக்கும் பின்னால் காது மெஷின் அணிந்திருப்பாள். முதல் வரிசையில், ஆசிரியர் நிற்குமிடத்துக்கு நேரெதிரே அமர்வாள். கரும்பலகையில் எழுதியபடியே திரும்பி நின்று பேசினால் தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். நாம் திரும்பிச் சொன்ன பிறகுதான் எழுதுவாள். நல்ல மதிப்பெண் வாங்குகிறவள். அவள் பாதியைக் காதால் கேட்டு மீதியைக் கண்ணால் கேட்கிறாள் என்பது நமக்குத் தெரியும். தெரிந்திருந்தும், நாற்பது கட்டங்களுள் அவளும் ஒரு கட்டமான பிறகு அது நம் நினைவிலிருந்து போய்விட்டது.

உதட்டைப் பார்த்துப் பேச்சை அறிவது என்பது, பலர் நினைப்பதுபோல் வாயிலிருந்து சொற்களை அப்படியே படித்துவிடுவதன்று. தொல்காப்பியத்தில் பிறப்பியலைப் பாடம் சொல்லியிருக்கிறோம். பகரமும் மகரமும் இதழிரண்டும் கூடப் பிறக்கும். வகரம் மேற்பல்லும் கீழிதழும் பொருந்தப் பிறக்கும். ககரமோ அடிநாவும் அண்ணமும் சேருமிடத்தில், வாயின் ஆழத்தில் பிறக்கிறது. அது வெளியே தெரியாது. டகரமும் ணகரமும் அவ்வாறே உள்ளேயே நடந்து முடிகின்றன. கண்ணுக்குத் தெரிகிற எழுத்துகளிலும் ஒரு சிக்கல் உண்டு. 'பாலை' என்பதும் 'மாலை' என்பதும் உதட்டளவில் ஒன்றே. கண்ணாடிமுன் நின்று ஓசையின்றிச் சொல்லிப் பார்த்தால் யாருக்கும் விளங்கும். பகரத்தையும் மகரத்தையும் பிரித்தறிய அவளுக்குச் செவி வேண்டும்; செவியில் தேய்ந்துபோன எழுத்தை மீட்க உதடு வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு எஞ்சுகிற இடைவெளியை வாக்கியத்தின் போக்கைக் கொண்டு ஊகித்து நிரப்பிக்கொள்கிறாள். ஐந்திணை நடத்துகிறபோது பாலைக்கும் மாலைக்கும் இடையே ஊகிக்க வேண்டிய நிலையில் அவளை விட்டிருந்தோம் என்று எண்ணியபோது நெஞ்சு சுட்டது.

அன்றிரவு ஒரு சோதனை செய்தோம். வழக்கமான இடத்தில் அமர்ந்து ஐந்து நிமிடம் பாடம் நடத்தி, அதை மடிக்கணினியிலேயே பதிவு செய்துகொண்டோம். பிறகு ஒலியை முற்றிலும் அடைத்துவிட்டுப் பார்த்தோம். நம் வாயை நாமே படிக்க முடியவில்லை. என்ன பேசினோம் என்பது நமக்குத் தெரியும். தெரிந்தும் எந்த இடத்தில் எந்தச் சொல் என்று பிடிபடவில்லை. குழல்விளக்கு மேலேயிருந்து எரிந்ததால் கண்குழியிலும் மூக்கின் கீழும் நிழல் விழுந்திருந்தது. மூக்கின் நிழலும் மீசையும் சேர்ந்து மேலுதட்டை மூடிவிட்டன. அதைவிடக் கெடுதலான ஒன்றும் இருந்தது. உதடுகள் அசைந்தனவே தவிர, கூடுவதும் பிரிவதும் தெரியவில்லை, புகைபோல இழைந்துகொண்டிருந்தன.

இதன் காரணத்தை ஒளிப்படக் கடை வைத்திருக்கும் நம் பழைய மாணவர் விளக்கினார். இத்தகைய காமிரா, வெளிச்சம் போதிய அளவு இருக்கும்போது நொடிக்கு முப்பது படம் எடுத்து அடுத்தடுத்துக் காட்டும். வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் ஒளியைத் திரட்ட வேண்டியதாகிறது. ஆகவே முப்பது என்பது பதினைந்தாகக் குறையும். சிலவற்றில் அதற்கும் கீழே போகும். நேரம் நீளுவதால் ஒவ்வொரு படத்திலும் அசைவு கலங்கிப் பதியும். பகரத்துக்காக உதடு மூடித் திறக்க நொடியில் ஏறக்குறையப் பத்திலொரு பங்குதான் ஆகிறது. முப்பது படம் வந்தால் அந்த மூடல் இரண்டு மூன்று படங்களில் தெளிவாக விழும். பதினைந்தானால் ஒன்றில் விழுந்தாலே பெரிது, அதுவும் கலங்கலாக. "காமிராவை மாத்தினாலும் இருட்டுல அதுவும் இதையேதான் செய்யும் சார். முதல்ல விளக்கைப் போடுங்க" என்றார் அவர்.

வீட்டில் மகள் படித்த காலத்து மேசைவிளக்கு ஒன்று பரணில் கிடந்தது. அதை இறக்கி, திரைக்குப் பின்னால் சற்று இடப்புறமாக, நம் கண்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருக்கும்படி புத்தகங்களை அடுக்கி நிறுத்தினோம். நேராக எரிந்தால் கண் கூசிற்று; முகத்தில் ஒரு பாதி வெளுத்து மறுபாதி கறுத்தது. விளக்கின்முன் வெள்ளைத் தாள் ஒன்றைச் சற்றுத் தள்ளித் தொங்கவிட்டோம். ஒளி பரந்து மென்மையாயிற்று. மீண்டும் ஐந்து நிமிடம் பதிவு. மீண்டும் ஓசையின்றிப் பார்த்தல். அதே பழைய காமிராதான். உதடு கூடும் இடமெல்லாம் தெரிந்தது. ஆனால் தாள் சூடேறி ஓரத்தில் பழுப்பு நிறம் கண்டதால், இரண்டு மணி நேர வகுப்புக்கு அந்த ஏற்பாடு ஆகாது என்பதும் தெரிந்தது.

பகலில் சன்னலை நோக்கி உட்கார்ந்தால் விளக்கே வேண்டியதில்லை என்பதையும் பார்த்துக்கொண்டோம். சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் நிலைமை தலைகீழ். பின்னாலுள்ள பெரு வெளிச்சத்துக்கு ஏற்பக் காமிரா தன்னைக் குறைத்துக்கொள்வதால் முகம் கரிப்படமாகிவிடும். ஆனால் நம் வகுப்பு ஆறு மணிக்கு மேல். தகப்பனார் வீடு திரும்பும் நேரத்துக்குச் சூரியனைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

குரலைப் பற்றியும் இதே வழியில் யோசித்தோம். மடிக்கணினியின் ஒலிவாங்கி நம் வாயிலிருந்து இரண்டடி தள்ளி இருந்தது. அந்தத் தொலைவில் நம் குரலோடு மின்விசிறியின் இரைச்சலும், சிமெண்ட் தரையிலும் வெறுஞ்சுவரிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியும் ஏறத்தாழ ஒரே தட்டில் சேர்ந்து போகின்றன. நல்ல செவி இருப்பவர் இரைச்சலை ஒதுக்கிவிட்டுக் குரலைப் பற்றிக்கொள்வார். காது மெஷினோ வருவதையெல்லாம் பெரிதாக்கித் தருவது. மின்விசிறியையும் அது பெரிதாக்கும். ஒலிவாங்கியை வாய்க்கு அருகில் கொண்டுவருவதுதான் வழி. குரல் பல மடங்கு ஓங்கும். விசிறி இருந்த இடத்திலேயே இருக்கும்.

அதிலும் பார்த்துத் தேர வேண்டியவை சில இருந்தன. கடையில் மலிவாகக் கிடைக்கும் ஹெட்செட் பலவற்றில் பச்சை, இளஞ்சிவப்பு என இரண்டு முள் இருக்கும். நம் மடிக்கணினியில் இருந்ததோ ஒரே துளை. ஆகவே யுஎஸ்பி முனையுள்ளதாக வேண்டும். கம்பியில்லாத புளூடூத் வகை வசதியானதுதான். ஆனால் அதில் குரல் ஒரு நொடியின் சிறு பகுதியளவு பிந்திப் போய்ச் சேர வாய்ப்புண்டு. மற்றவர்களுக்கு அது ஒரு பொருட்டன்று. உதட்டையும் ஓசையையும் ஒட்டவைத்துப் புரிந்துகொள்ளும் பெண்ணுக்கு, உதடு முன்னே போக ஓசை பின்னே வந்தால் இரண்டும் பகையாகிவிடும். ஒலிவாங்கியின் கொம்பை வாய்க்கு நேரே நிறுத்தவும் கூடாது. அது உதட்டை மறைக்கும். பகரம் சொல்லும்போது வெளிப்படும் மூச்சு அதில் மோதி 'பொத்' என்று வெடிக்கும். கடைவாயின் ஓரமாக, உதட்டுக்குச் சற்றுக் கீழே, இரண்டு விரற்கடைத் தொலைவில் இருப்பது நலம்.

இத்தனையும் தெரிந்த பின்னர் ஒரு கேள்வி நம்மைக் குடைந்தது. நம் பையிலிருந்தே வாங்கிவிடலாமே, பள்ளியைக் கேட்பானேன்? வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள். வாங்கியிருப்போம். ஆனால் அந்தப் பெண் தமிழ் மட்டும் படிக்கவில்லை. கணக்கும் அறிவியலும் சமூக அறிவியலும் கற்பிப்பவர்கள், பாதிச் சம்பளம் பெறும் இளைய ஆசிரியைகள். நாம் வாங்கினால் அது நம் வீட்டுப் பொருள். நம்மிடம் அவர்கள் இரவல் கேட்கக் கூச்சப்படுவார்கள். நமக்கும் கொடுக்கும்போது ஒரு தோரணை வந்துவிடும். பள்ளியின் பொருளானால் யாரும் கேட்கலாம். இந்தப் பெண் படித்து முடித்த பிறகு இன்னொரு பிள்ளை வரலாம். இப்படி எண்ணித்தான் இரண்டாம் முறை பேனாவை எடுத்தோம்.

அந்த விண்ணப்பத்தின் நகல் நம்மிடம் உள்ளது. ஊர், பெயர், நாள் நீக்கி இங்கே தருகிறோம்.

'பொருள்: பத்தாம் வகுப்பில் பயிலும் செவித்திறன் குறைந்த மாணவி, இணையவழி வகுப்பில் ஆசிரியரின் வாயசைவைக் காண இயலாமை – விளக்கு, ஹெட்செட், வெப்கேமரா வேண்டுதல் – சார்பாக.

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

நம் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பயிலும் மேற்படி மாணவி, காதுக்கருவியின் துணையோடு ஆசிரியரின் உதட்டசைவையும் பார்த்தே பாடத்தை அறிந்துவருகிறார். மாலை ஆறு மணிக்கு மேல் நடைபெறும் இணையவழி வகுப்பில் என் முகம் இருட்டாகத் தெரிவதாலும், குரலோடு மின்விசிறி இரைச்சல் கலந்துவிடுவதாலும், இரண்டு வாரப் பாடம் அவருக்குச் சென்று சேரவில்லை என்று அவர் தாயார் தெரிவித்துள்ளார். என் வகுப்பைப் பதிவு செய்து ஒலியின்றிப் பார்த்ததில், அவர் கூறுவது முற்றிலும் உண்மை என்று கண்டேன்.

ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தேவையின் வரிசைப்படி வேண்டுகிறேன். முதலாவது, தாங்கியுடன் கூடிய எல்.இ.டி. விளக்கு ஒன்று, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ளது, விலை சுமார் ரூ.750. இரண்டாவது, கம்பியுடைய யுஎஸ்பி ஹெட்செட் ஒன்று. விலை சுமார் ரூ.1,150. இவ்விரண்டுக்கும் ரூ.1,900 ஆகும். மூன்றாவது, வெப்கேமரா ஒன்று, சுமார் ரூ.2,600. விளக்கு இருந்தால் இப்போதுள்ள காமிராவே ஓரளவு போதும் என்று சோதித்து அறிந்திருப்பதால், நிதி இல்லையெனில் மூன்றாவதைத் தள்ளிவைக்கலாம்.

இவை பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் பதியப்பட்டுப் பள்ளியின் உடைமையாகவே இருக்க வேண்டுகிறேன். பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் நால்வரும் கால அட்டவணைப்படி முறைவைத்துப் பயன்படுத்திக்கொள்வோம்; பொருள் கைமாறும்போது கையொப்பமிடுவோம். ஹெட்செட்டின் பஞ்சுறையை ஒவ்வொருவரும் தனித்தனியே வைத்துக்கொள்வோம். சேதம் நேர்ந்தால் அப்போது வைத்திருப்பவர் பொறுப்பு.

ஐந்து நிமிடப் பதிவுகள் இரண்டைத் தங்கள் கைபேசிக்கு அனுப்பியுள்ளேன். முதலாவது இப்போதைய நிலை. இரண்டாவது மேசைவிளக்கு வைத்தபின் உள்ள நிலை. இரண்டையும் ஒலியை அடைத்துவிட்டுப் பார்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, தமிழாசிரியர்.'

பஞ்சுறை பற்றிய வரியைக் கணக்கு ஆசிரியை சொல்லிச் சேர்த்தோம். தொற்றுக்காலத்தில் ஒருவர் காதிலும் வாயருகிலும் வைத்ததை இன்னொருவர் வைத்துக்கொள்வது எப்படி என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. நமக்கு அது தோன்றவேயில்லை.

மாலையில் தலைமையாசிரியை அழைத்தார். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முதல் வீடியோவுல நீங்க என்ன பாடம் நடத்துனீங்க சார்?" என்று கேட்டார். "ஆகுபெயர், சிஸ்டர்" என்றோம். "மூணு தடவை பார்த்தேன். ஒண்ணும் தெரியலை. முதல் லெட்டர்லயே இதை எழுதியிருக்கலாமே?" என்றார். முதல் கடிதம் எழுதும்போது நமக்கே இது தெரியாது என்று ஒப்புக்கொண்டோம்.

விளக்கும் ஹெட்செட்டும் ஒரு வாரத்தில் வந்தன. வெப்கேமரா அக்டோபரில்தான் கிடைத்தது. அந்த ஆண்டு உலகமெங்கும் எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்ததால் கடைகளில் அது கிடைப்பதே அரிதாயிருந்தது. வளையம்போன்ற விளக்கைத்தான் அனுப்பியிருந்தார்கள். அதை நேரெதிரே வைத்தால் மூக்குக்கண்ணாடியில் இரண்டு வெள்ளை வளையங்கள் விழுந்து கண் மறைந்தது. உதட்டை வாசிப்பவர்க்குக் கண்ணும் புருவமும் வேண்டும். கேள்வியா கூற்றா என்பதை அவை சொல்லும். விளக்கைச் சற்று உயர்த்திப் பக்கவாட்டில் தள்ளியதும் வளையம் கண்ணாடியைவிட்டு நழுவியது. வெப்கேமரா வந்தபின் அதைக் கண்மட்டத்தில் பொருத்த முடிந்தது. அதுவரை மடிக்கணினிக்கு அடியில் நான்கு பழைய அகராதித் தொகுதிகள் இருந்தன. இல்லாவிட்டால் காமிரா கீழிருந்து மோவாயைத்தான் பார்க்கும்.

விண்ணப்பத்தில் எழுத முடியாத ஒன்றும் இருந்தது. விளக்கு வந்த அன்று கண்ணாடிமுன் நின்று, இருபத்தைந்து வயது முதல் வளர்த்த மீசையை மேலுதடு தெரியும் மட்டும் கத்தரித்தோம். வீட்டில் சிரித்தார்கள். வகுப்பில் பிள்ளைகளும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, தலையசைத்தாள்.

இந்தக் கருவிகளால் தீராதவையும் இருந்தன. பாடப்பக்கத்தைத் திரையில் காட்டினால் நம் முகம் தபால்தலையளவு சுருங்கிவிடும். ஆகவே பக்கத்தைக் காட்டும்போது வாய் திறவாமல் அவர்கள் படித்து முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு அதை நீக்கிவிட்டு முகத்தைக் காட்டிப் பேசக் கற்றுக்கொண்டோம். அவள் வீட்டில் அலைவரிசை தளர்ந்தால் படம் உறைந்துவிடும். குரல் மட்டும் ஓடும். அப்போது கையை உயர்த்தும்படி சொல்லிவைத்தோம். கை உயர்ந்தால் பேச்சை நிறுத்தி, கடைசி வாக்கியத்தை எழுத்தில் அனுப்புவோம். ஒரு மாலையில் பதினொரு முறை கை உயர்ந்தது. பாடம் பாதிதான் நடந்தது.

கருவிகள் துணிப்பை ஒன்றில் ஊர் முழுக்கச் சுற்றின. திங்கள், வியாழன் நம்மிடம். மற்ற நாள்களில் அறிவியல் ஆசிரியையின் தம்பி மிதிவண்டியில் வந்து வாங்கிப்போவான். பதிவேட்டில் கையொப்பம் ஒருநாளும் தவறவில்லை.

2021 ஜனவரி 19 அன்று பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது. எல்லாரும் மகிழ்ந்தோம். முகக்கவசம் அணிந்து வகுப்பில் நின்று பேசத் தொடங்கிய இரண்டாம் நிமிடம், முதல் வரிசையில் அவள் முகத்தைக் கண்டு நிறுத்திவிட்டோம். ஏறக்குறைய ஆறு மாதம் விளக்கு வைத்துக் காட்டிய உதட்டை இப்போது துணியால் மூடிக்கொண்டு எதிரே நிற்கிறோம். கவசத்தை எடுக்க விதியில்லை, எடுக்கவும் கூடாது. முகத்தை மூடும் கண்ணாடித் தகடு ஒன்றை மட்டும் அணிந்து பார்த்தோம். சன்னல் வெளிச்சம் அதில் பட்டுப் பளிச்சிட்டது, அதற்குப் பாதுகாப்பும் குறைவு என்றார்கள். கரும்பலகையில் கூடுதலாக எழுதினோம். அது போதவில்லை.

பள்ளி விட்டதும் அவள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். அவள் பேச்சுச் சற்று மழுங்கியிருக்கும், பழகியவர்களுக்குப் புரியும்.

"சார், அந்த லைட் இன்னும் இருக்கா?"

அன்றிரவே துணிப்பையை வாங்கிவந்தோம். அன்று வகுப்பில் நடத்தியதை வீட்டில் விளக்கின்முன் அமர்ந்து இருபது நிமிடத்தில் மீண்டும் சொல்லிப் பதிந்து அனுப்பினோம். மற்ற மூவரும் அவ்வாறே செய்தார்கள். பிப்ரவரி இறுதியில், அந்த ஆண்டுப் பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை, அனைவரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்தது. அதன் பின்னும் மார்ச் நடுப்பகுதிவரை அவள் அடுத்த பாடம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள், நாமும் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

இப்போது நாம் ஓய்வுபெற்றுவிட்டோம். கருவிகள் பள்ளி அலமாரியில் இருக்கின்றன. ஹெட்செட்டின் கம்பி ஒருமுறை அறுந்து பற்றவைக்கப்பட்டது. அதற்கான நூற்றிருபது ரூபாயும் அப்போது அதை வைத்திருந்தவரின் கையொப்பமும் பதிவேட்டில் உள்ளன. கையொப்பம் நம்முடையது.